பளபளக்கும் எண்ணெய் ஓவியத்தைத் திட்டில்லாமல் படம் எடுப்பது எப்படி?

"அண்ணா, அப்பா வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்று, 3 அடி அகலம், 2 அடி உயரம். பின்னணி முழுக்கக் கறுப்பு, மேலே வார்னிஷ் வேறு. வெளிநாட்டில் இருக்கிற மூன்று சகோதரங்களுக்கும் பிரிண்ட் போட்டு அனுப்ப வேண்டும். 24 மெகாபிக்சல் கமராவும் 18-55 லென்ஸும் இருக்கு, இரண்டு எல்ஈடி லைட்டும் வாங்கினேன். 45 டிகிரியில் வைத்தும் ஓரங்களில் வெள்ளைத் திட்டு விழுகுது. கலர் கார்டும் வைத்திருக்கிறேன், அதை என்ன செய்வதென்று தெரியவில்லை." (வெள்ளவத்தை வாசகி)

தங்கச்சி, படம் முழுதாகப் பிடிபட வேண்டுமென்று லென்ஸை 18-இல் வைத்துக்கொண்டு ஓவியத்துக்குக் கிட்டப் போய் நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பிழை லைட்டில் இல்லை, நீங்கள் நின்ற இடத்தில்தான்.

வார்னிஷ் பூசிய கறுப்பு ஓவியத்தை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். கமரா இருக்கிற இடத்திலிருந்து அந்தக் கண்ணாடிக்குள் அறையின் எந்தப் பகுதி தெரிகிறதோ, அந்தப் பகுதிக்குள் லைட் இருந்தால் திட்டு விழும், வெளியே இருந்தால் விழாது. கண்ணாடிக்குக் கிட்டப் போனால் அறை அகலமாகத் தெரியும், தள்ளிப் போனால் ஒடுங்கித் தெரியும், அவ்வளவுதான் சங்கதி. உங்கள் கணக்கையே பார்ப்போம். 18-இல் இந்த ஓவியம் நிரம்ப வேண்டுமென்றால் கமரா ஏறக்குறைய இரண்டரை அடியில் நிற்க வேண்டும். லைட்டை ஓவியத்துக்கு 4 அடி முன்னால், நடுக்கோட்டிலிருந்து 4 அடி பக்கவாட்டில் வைத்தால் அதுதான் 45 டிகிரி. ஆனால் இரண்டரை அடியிலிருந்து பார்க்கும்போது கண்ணாடிக்குள் பக்கத்துக்கு கிட்டத்தட்ட 4 அடி வரை தெரியும், லைட் சரியாக எல்லையிலேயே நிற்கிறது. ஓரத்தில் மட்டும் திட்டு வந்ததன் காரணம் அதுதான்.

லென்ஸை 55-க்குத் திருப்பி, கமராவை 8 அடி பின்னால் கொண்டுபோங்கள். இப்போது அதே இடத்தில் தெரிவது பக்கத்துக்கு இரண்டேகால் அடிதான். லைட்டையும் 4 அடியில் விடாமல் இன்னும் பக்கவாட்டில், நடுவிலிருந்து ஐந்தரை அடிக்குத் தள்ளுங்கள். எண்ணெய் ஓவியம் மட்டமான பரப்பில்லை, தூரிகை இழுத்த மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடி. மேடு 10 டிகிரி சரிந்திருந்தால் ஒளி 20 டிகிரி திரும்பிப் போகும், அதனால் எல்லைக்கு வெளியே தாராளமாக இடம் விட வேண்டியிருக்கு. மொத்தம் 11 அடி அகலம் தேவை, ஹோலில் கதிரைகளை ஒதுக்கினால் கிடைத்துவிடும்.

லைட் இரண்டும் ஓவியத்தின் நடு உயரத்தில் இருக்கட்டும். ஓவியத்தின் நடுவிலிருந்து இரண்டுக்கும் நூல் பிடித்து அளந்து ஒரே தூரத்தில் வையுங்கள். இடப்பக்க லைட்டின் முகத்தை ஓவியத்தின் வலப்பாதிக்கும், வலப்பக்கத்ததை இடப்பாதிக்கும் திருப்புங்கள், அப்போதுதான் கிட்ட இருக்கிற ஓரம் கூடுதலாக வெளிக்காது. ஓவியத்தை இறக்கிவிட்டு அதே இடத்தில் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து வெள்ளை ஏ4 கடதாசியை ஒட்டி ஒரு படம் எடுங்கள். கணினியில் ஒவ்வொன்றின் வெளிச்ச எண்ணையும், அதாவது 0 முதல் 255 வரை காட்டும் எண்ணை, பாருங்கள், வெளிச்சம் சமமென்றால் ஐந்துக்குள் ஐந்தாறு எண்ணுக்கு மேல் வித்தியாசம் வராது. நான்கு மூலையும் ஒரேயளவு மங்கியிருந்தால் அது லென்ஸின் குணம், மென்பொருளில் திருத்தலாம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லைட்டை நகர்த்துங்கள்.

இதை இரவில் செய்யுங்கள். பகலில் யன்னல் வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் நீலம் படியும், அதை எந்தக் கார்டும் பிறகு பிரித்துத் தராது. ஹோல் லைட்டை அணையுங்கள், ஃபேனையும் நிறுத்துங்கள், ஓவியம் ஆடினால் படம் மங்கும். ISO 100, f/8 வைத்தால் ஷட்டர் கால் வினாடி, அரை வினாடி என்று வரும், அது நல்லதுதான், எல்ஈடியின் துடிப்பும் படத்தில் தெரியாது. முக்காலியில் வைத்து டைமரில் எடுங்கள். கரையோர ரயில் பாதைக்குக் கிட்ட இருக்கிறீர்கள் என்றால் ரயில் போய் முடியட்டும், அரை வினாடிப் படத்துக்கு அந்த அதிர்வு போதும்.

ஒரு தடவை இப்படியொரு கறுப்பு ஓவியத்தை எடுத்தபோது கீழ்ப்பாதியில் பனி படிந்தது மாதிரி மங்கல் வந்துகொண்டே இருந்தது, லைட்டை நகர்த்தி நகர்த்தி ஒரு மணித்தியாலம் போனது. கடைசியில் பார்த்தால் நான் கட்டியிருந்த வெள்ளைச் சாரம்! கமராவுக்குப் பின்னால் நிற்கிற நீங்களும் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிறீர்கள். கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு, கமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியையும் கட்டுங்கள். மங்கல் எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாவிட்டால் ஒரு கறுப்பு அட்டையை அறைக்குள் அங்குமிங்கும் பிடித்துப் பாருங்கள், எங்கே பிடிக்கும்போது கறுப்பு ஆழமாகிறதோ அங்கேதான் குற்றவாளி.

இவ்வளவுக்குப் பிறகும் மேடுகளில் பொட்டுப் பொட்டாக மினுக்கம் மிஞ்சினால், ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிட்டு மினுக்கத்தை வெட்டும் போலரைசர் தேவை. இரண்டு லைட்டுக்கும் முன்னால் போலரைசிங் தாள், இரண்டும் ஒரே திசையில், அப்புறம் லென்ஸில் வட்டப் போலரைசர் வடிகட்டி. ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டீல் கரண்டியைத் தொங்கவிட்டு, கரண்டியில் லைட்டின் பொட்டு அணையும் வரை வடிகட்டியைத் திருப்புங்கள். ஒரு பொட்டு அணைந்து மற்றது அணையாவிட்டால் ஒரு தாள் திசை மாறி இருக்கு. என் அபிப்பிராயம், முழுதாக அணைக்க வேண்டாம், எண்ணெய் ஓவியம் போஸ்டர் மாதிரித் தட்டையாகிவிடும். அப்பாவின் தூரிகை தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் திருப்பி, ஒரு துளி மினுக்கத்தை விட்டுவிடுங்கள்.

இனி கார்டு. 24 கட்டம் உள்ள கார்டு என்றால் ஓவியம் இருக்கிற அதே தளத்தில், பக்கத்தில் வைத்து, RAW-இல் ஒரு படம் எடுங்கள், பிறகு லைட்டையும் அமைப்பையும் தொடாமல் கார்டு இல்லாமல் ஒன்று. கீழ் வரிசையின் வெள்ளைக் கட்டம் 240-ஐ ஒட்டி வந்தால் வெளிச்சம் சரி, 255-ஐத் தொட்டால் ஷட்டரைக் குறையுங்கள். வெள்ளைச் சமநிலையை வெள்ளைக்கு அடுத்த சாம்பல் கட்டத்தில் சொடுக்கி எடுத்து, அதையே மற்றப் படத்துக்கும் போடுங்கள். கார்டோடு வரும் மென்பொருள் அந்தப் படத்திலிருந்து உங்கள் கமராவுக்கும் லைட்டுக்கும் ஒரு நிற விவரக் கோப்பு செய்து தரும். போலரைசரைத் திருப்பினால் அந்தக் கோப்பு செல்லாது, கார்டைத் திரும்ப எடுக்க வேண்டும், ஏனென்றால் நிறங்கள் அடர்ந்துவிடும்.

அளவைப் பற்றி: சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் ஓவியத்தின் அகலத்துக்கு 5400 பிக்சல் கிடைக்கும். ஏ3 பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300-க்கு மேல், தாராளம். அசல் அளவிலேயே போட்டால் 150, சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்ப்பதற்குப் போதும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது அச்சு மைக்கான சிஎம்வைகே நிறமுறைக்கு மாற்றாமல் கொடுங்கள், அவர்கள் தங்கள் இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றட்டும். மூன்று பிரதியும் போட முன்னர் 4 அங்குலப் பட்டை ஒன்றைச் சோதனையாக எடுத்துத் தரச் சொல்லி, அதை ஓவியத்துக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அப்பா கோபால்ட் நீலமோ அல்ட்ராமரினோ பாவித்திருந்தால் அந்த இடம் ஊதாவாகத் திரும்பியிருக்கலாம், ஏனென்றால் அந்தச் சாயங்கள் கண்ணுக்கு எட்டாத ஆழ்சிவப்பையும் திருப்பி அனுப்பும், கமரா அதைக் கொஞ்சம் பிடித்துவிடும். கார்டால் அது முழுதாகத் தீராது. அந்த நீலத்தை மட்டும் தெரிவு செய்து, ஓவியத்தைப் பார்த்துப் பார்த்துக் கையால்தான் திருத்த வேண்டும்.