வார்டனை வெளியே அனுப்புங்கள்

கேள்வி: ஹாஸ்டல் பெண் ஒருத்தி ஃபேர்வெலுக்கு முந்தைய இரவு ரகசியமாக முதல்முறை லிப்ஸ்டிக் போட்டுப் பார்ப்பதைச் சிறுகதையாக எழுதி அனுப்பினேன். கடைசியில் அவள் வார்டனிடம் மாட்டிக்கொள்வாள். திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கரு ரொம்பச் சின்னது என்பதாலா?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கருவில் ஒரு குறையும் இல்லை. ‘ரகசியமாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நீங்களே நம்பவில்லை. அதனால்தான் கதை திரும்பி வந்தது.

நான்கு பேர் படுக்கும் அறையில் ரகசியத்துக்கு இடம் எங்கே? கட்டில் மறைவில் டிரங்குப் பெட்டி, அதன் மேல் பக்கெட், கொடியில் நான்கு பேரின் துணி. ஒருத்தி வீட்டுக்குப் பேசினால் மற்ற மூவருக்கும் கேட்கும். தனியாக இருக்க ஒரே இடம் பாத்ரூம். அங்கேயும் வெளியே வரிசை நிற்கும். ஐந்து நிமிடம் தாண்டினால் கதவைத் தட்டுவார்கள். உங்கள் நாயகி கண்ணாடி முன்னால் நின்று ஒன்றரைப் பக்கம் யோசிக்கிறாள். அத்தனை நேரத்தை அந்த ஹாஸ்டலில் யாரும் அவளுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

அவள் அறைத்தோழியின் லிப்ஸ்டிக்கை எடுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல இடம், ஆனால் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். புது லிப்ஸ்டிக்கின் நுனி சாய்வாகச் சீவியிருக்கும். போடப்போட அது போடுகிறவளின் கைக்கும் உதட்டுக்கும் தகுந்தபடி தேயும். ஒருத்திக்குத் தட்டையாக, இன்னொருத்திக்கு நடுவில் குழிந்து, வேறொருத்திக்கு ஒரு பக்கம் மட்டும் கூராக. வேறு கை பட்டால் சொந்தக்காரிக்குத் தெரிந்துவிடும். முதல்முறை தொடுகிறவள் அடிவரை திருகி ஏற்றிவிடுவாள், அப்புறம் இறக்க மறந்து மூடியைப் போட்டு அழுத்துவாள். நுனி நசுங்கி மூடிக்குள் அப்பிக்கொள்ளும். இந்தக் கதையில் கண்டுபிடிக்கிற ஆள் யார் என்பதை அந்தக் குழல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு டார்ச்சோடு வருகிற வார்டன் எதற்கு?

அடுத்தது நிறம். ‘ரத்தச் சிவப்பு’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த ரத்தத்தோடு எனக்குப் பழைய பகை. லிப்ஸ்டிக் வருகிற கதைகளில் பாதியில் அது ரத்தமாகிவிடுகிறது, மீதியில் நெருப்பாகிவிடுகிறது. உதட்டில் அது என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை. உங்கள் நாயகி கருப்பு என்கிறீர்கள். தோழி சிவந்த நிறம், அவளிடம் இருப்பது வெளிர் பிங்க். வெளிர் நிறங்களை வெளுப்பாக்க டைட்டானியம் டையாக்சைடு என்ற வெள்ளை நிறமியைச் சேர்ப்பார்கள். கருத்த உதட்டில் அது சாம்பல் பூத்தது போல நிற்கும். நம்மில் பலருக்கு மேலுதடு கருத்தும் கீழுதடு சற்றே சிவந்தும் இருக்கும். அதனால் ஒரே லிப்ஸ்டிக் இரண்டு நிறம் காட்டும். மேலுதட்டில் நிறம் ஏறவில்லை என்று அவள் திரும்பத் திரும்பப் பூசுவாள். இது எப்படி உங்கள் கதையில் ரத்தச் சிவப்பு ஆனது?

சரி, பிங்க்கை விடுங்கள், தோழியிடம் மெரூனும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாத்ரூமில் எரிவது டியூப்லைட். பழைய டியூப்லைட்டின் வெளிச்சத்தில் சிவப்பு குறைவு. அதன் கீழே மெரூன் மங்கிப் பழுப்பாகத் தெரியும். போதவில்லை என்று இன்னும் ஒரு பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று. முதல்முறைக்காரி வாயை மூடிக்கொண்டே பூசுவாள். உள்ளோரம் பூசப்படாமலே நிற்கும். மூடிய வாயோடு கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் இதே அளவில் போட்டுக்கொண்டு, கடன் வாங்கிய பட்டுப்புடவையோடு வெயிலில் வந்து நிற்கிறாள். ஜூனியர் பெண் ஏதோ சொல்ல, சிரிக்கிறாள். ராத்திரி பழுப்பாக இருந்தது இப்போது பளீரென்று எரிகிறது, சிரிப்புக்குள்ளே பூசாத ஒரு கோடு தெரிகிறது, முன்பல்லில் ஒரு தீற்று. உங்கள் உச்சக்காட்சி இதுதான். நீங்கள் அவளை முந்தைய இரவே பிடித்துக்கொடுத்துவிட்டதால் விழாவுக்கே அவள் வந்து சேரவில்லை.

அழிக்கிற இடமும் தப்பு. ‘தண்ணீரில் கழுவினாள், போய்விட்டது’ என்கிறீர்கள். போகாது. லிப்ஸ்டிக் என்பது மெழுகும் எண்ணெயும் நிறமியும். அந்த எண்ணெயும் பெரும்பாலும் நம் விளக்கெண்ணெய்தான். தண்ணீர் அதன் மேல் ஓடிவிடும். சோப்புப் போட்டால் வாயெல்லாம் கசக்கும், ஓரங்களில் நிறம் தங்கும். துண்டால் தேய்த்தால் சாயம் போன பிறகும் தேய்த்த சிவப்பு நிற்கும், அதையும் சாயம் என்று நினைத்து இன்னும் தேய்ப்பாள். அந்தத் துண்டு காலையில் கொடியில் எல்லார் கண்ணிலும் படும். தேங்காய் எண்ணெயைத் தடவி, கொஞ்சம் பொறுத்து, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் வந்துவிடும். எண்ணெய் பாட்டில் அவள் அலமாரியிலேயே இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லித்தர ஒருத்தி வேண்டும், அதற்கு அவள் இன்னொருத்தியிடம் போய் நிற்க வேண்டும். தோழியை எழுப்பி, ‘ஏய், இது போகவே மாட்டேங்குதுடி’ என்று கேட்க வைத்திருந்தால், எடுத்ததையும் சொல்லியாக வேண்டும், உதவியும் வாங்கியாக வேண்டும். இரண்டு பெண்களுக்கு நடுவே நடந்திருக்க வேண்டிய கதை இது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குக் கொஞ்சம் வெளியே போனாலும் பரவாயில்லை. உதட்டுச் சிவப்பை மேல்நாட்டுச் சரக்கு என்று பேசுகிறவர்களோடு நான் பல காலமாகச் சண்டை போடுகிறேன். கொவ்வைப்பழம், பவளம் என்று பாடிய மொழி இது. நம் பாட்டிகளின் உதடு வெற்றிலையால் சிவந்திருந்தது. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வருகிற சிவப்பு அது. நன்றாகச் சிவந்தால் புருஷனுக்கு ஆசை அதிகம் என்று நாக்கை நீட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிவப்புக்கும் அனுமதி தேவைப்பட்டது. சின்னப் பிள்ளை வெற்றிலை போட்டால் மாடு முட்டும் என்று மிரட்டினார்கள். புருஷன் இறந்ததும் பல வீடுகளில் அவளிடமிருந்து தாம்பூலத்தையும் பறித்தார்கள். உதடு எப்போது சிவக்கலாம், எப்போது கூடாது என்பதை அந்த உதட்டுக்குச் சொந்தக்காரியைத் தவிர எல்லாரும் முடிவு செய்தார்கள். உங்கள் நாயகி கதவைத் தாழிட்டுக்கொள்கிற காரணம் இங்கே இருக்கிறது. ஹாஸ்டல் விதிமுறைப் பலகையில் அதைத் தேடினால் கிடைக்காது.

அதனால்தான் உங்கள் முடிவின் மேல் எனக்கு இவ்வளவு கோபம். அலங்கரித்துக்கொள்ளும் பெண்ணைக் கதைக்காரர்கள் கடைசிப் பக்கத்தில் தண்டிப்பது நெடுநாளாக நடக்கிறது. ஒருவர் அப்பாவை வரவழைப்பார், ஒருவர் காதலனை ஏமாற்ற வைப்பார், நீங்கள் வார்டனை அனுப்பினீர்கள். அவள் என்ன குற்றம் செய்தாள்? கேட்காமல் எடுத்தது ஒன்றுதான். அதை விசாரிக்க வேண்டியவள் அதே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறாள்.

முதல் மூன்று பக்கங்களைத் தொட வேண்டாம். மெஸ் மோர் வாசனையும், புடவைக்குக் குத்த சேஃப்டி பின் தேடி அறை அறையாக அலைவதும் அருமையாக வந்திருக்கின்றன. நான்காம் பக்கத்திலிருந்து மறுபடி எழுதி, தோழி விழித்துக்கொண்டபின் என்ன பேசினாள் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த மாத இதழில் இடம் வைத்திருக்கிறேன்.