எங்கள் ஸ்டுடியோவின் பழைய புராஜெக்ட் போட்டோ 300 இருக்கு. அதை வைத்து ஒரு சின்ன மாடலைப் பழக்கினால் எங்கள் ஸ்டைலிலேயே டிசைன் தருமா?

ஸ்டைலில் படம் தரும். டிசைன் தராது. நீங்களும் எங்களைப் போல வீடு செய்கிறவர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கோவையில் ஏழு பேர் கொண்ட ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் எங்களுடையது. போன வருஷம், எழுதிக் கேட்டால் படம் தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் என்ற மாடல் மேல் ஒரு லோரா பழக்கினோம். பெரிய மாடலில் கை வைக்காமல், அதன் மேல் ஏற்றிக்கொள்ளும் சின்ன ஃபைல்தான் லோரா.

முதலில், 300-ஐயும் போடாதீர்கள். ஒரே ஹாலை எட்டுக் கோணத்தில் எடுத்த படங்கள் எட்டுப் பாடம் ஆகாது, ஒரே பாடத்தை எட்டுத் தடவை உருப்போடுவதுதான். நாங்கள் 46 படம் எடுத்துக்கொண்டோம். ஒவ்வொன்றும் 10 தடவை, அப்படி 4 சுற்று, மொத்தம் 1,840 ஸ்டெப். ராத்திரி ஓடவிட்டுப் போனேன்.

காலையில், நாங்கள் செய்தே இராத ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன்: பல் டாக்டர் கிளினிக்கின் வெயிட்டிங் ரூம். சிவப்பு ஆக்சைடு தரை, சுண்ணாம்புச் சுவர், தேக்கு பெஞ்ச் என்று அசல் எங்கள் வேலை மாதிரியே வந்தது. டீப்பாய் மேல் ஒரு பித்தளை உருளி, தண்ணீரில் செவ்வந்தி. சரி, இருக்கட்டும். பாத்ரூம் கேட்டேன். வாஷ்பேசின் பக்கத்தில் உருளி. விளையாட்டாக மாட்டுத்தொழுவம் கேட்டேன். அங்கேயும் உருளி!

அந்த உருளி எங்களுடையதே இல்லை. போட்டோகிராஃபர் தன் கார் டிக்கியில் கொண்டுவருவது. எண்ணிப் பார்த்தால் 46-இல் 19 படத்தில் இருக்கிறது. அந்தி நேரத்து நீலம், எரியும் எல்லா விளக்கும், மூலையில் நின்று வைட் லென்ஸில் அள்ளிய அறை, எல்லாம் அவருடையதுதான். நம்ம ஸ்டைல் என்று நாங்கள் குதித்ததில் பாதி அவர் ஸ்டைல்.

தப்பு கேப்ஷனில். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். அதில் பேர் சொல்லி எழுதாததெல்லாம், நம் ஸ்டைலைக் கூப்பிட நாம் வைத்த அடையாளச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். நாங்கள் அடையாளச் சொல்லும் அறையின் பேரும் மட்டும் எழுதியிருந்தோம். திருத்தியது இப்படி:

```
kvstd, living room, brass urli with flowers, dusk, lamps on, wide angle
```

தரையையும் சுவரையும் வேண்டுமென்றே எழுதவில்லை. அவைதான் ஒட்டவேண்டியவை. மறுபடி பழக்கியதும் கூப்பிட்டால்தான் உருளி வந்தது. ("ரேங்க் ஏத்தியிருந்தா சரியாகியிருக்கும்" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களே, லோராவின் கொள்ளளவான அந்த ரேங்கையும் ஏற்றிப் பார்த்தேன். ஃபைல் பெருத்தது, உருளி இன்னும் பளபளத்தது.)

நுணுக்க வேலையும் வராது. அறையின் 5 மீட்டர் அகலம் 1,024 பிக்சலில் அடங்கினால், நாங்கள் கதவுச் சட்டத்தைச் சுற்றி விடும் 10 மில்லி பள்ளம் இரண்டு பிக்சல். மாடலோ 8 பிக்சல் சதுரத்தை ஒரு புள்ளியாகச் சுருக்கித்தான் உள்ளே வேலை செய்கிறது. ஆத்தங்குடி டைல் தூரத்தில் பார்க்க அழகாக இருக்கும். கிட்டே போனால் ஒரு கல்லின் பூ அடுத்த கல்லோடு சேராது.

இன்னொன்று. எங்கள் நல்ல வேலைகளில் மூன்று அந்த 46-இல் இல்லவே இல்லை. கடைசி பில் கேட்டதும் முகம் மாறிய வீட்டுக்காரர்கள் எங்களை கேமராவோடு உள்ளே விடுவார்களா? ஒரு வீட்டில் கிரகப்பிரவேச சாப்பாடு போட்டார்கள், பாக்கி 10 சதவீதம் இன்னும் வரவில்லை. சரி, அதை விடுங்கள்.

பெரிய அடி ஒரு பெட்ரூமில் விழுந்தது. கிளையண்ட் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஆர்வக்கோளாறில் லோராவில் ஒரு படம் எடுத்துக் காட்டினேன். தரையிலிருந்து சீலிங் வரை கண்ணாடி, மஞ்சள் வெயில். "உங்க வேலை மாதிரியே இருக்கு சார், இதையே செஞ்சுடுங்க" என்றார். அந்தச் சுவர் மேற்கு பார்த்தது. மேற்கில் ஸ்டோரும் படிக்கட்டும் வைத்து, ஜன்னலைச் சின்னதாக்குவதுதான் எங்கள் ஆபீஸின் பழக்கம், வெயில் அப்படி. ஆனால் எந்த போட்டோவிலும் வடக்கு எது என்று குறி போட்டிருக்காதே. அது எங்கிருந்து கற்கும்? ஸ்டோர் ரூமை யாரும் படம் எடுக்கவும் மாட்டார்கள்.

மூன்று மீட்டிங் ஆனது அவரைச் சமாதானப்படுத்த. இப்போது பிளானை முடித்து, அதிலிருந்து எடுத்த கோட்டு வியூவை, படம் அந்தக் கோடுகளை ஒட்டியே வர வைக்கும் கன்ட்ரோல்நெட்டில் அடியில் கொடுத்து, அதன் மேல் நிறமும் வெளிச்சமும் ஏற்ற மட்டும் லோராவை, முழு பலம் 1 என்றால் 0.7 அளவில் வைக்கிறோம். ஜன்னல் நாங்கள் வரைந்த இடத்திலேயே நிற்கிறது.