20 சென் பங்கு என்றால் ஆபத்தும் சின்னதா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பால்மரம் சீவிச் சேர்த்த 10,000 வெள்ளி கையில் இருக்கிறது. கூட்டாளி ஒருவர் 20 சென் பங்கு ஒன்றை வாங்கச் சொல்கிறார். வங்கிப் பங்கோ 10 வெள்ளி. 20 சென் பங்கு விழுந்தாலும் எவ்வளவுதான் விழும்?

பதில்: 20 சென் 10 சென் ஆனால் உங்கள் 10,000 வெள்ளி 5,000 ஆகிவிடும். 10 வெள்ளிப் பங்கு 5 வெள்ளி ஆனாலும் அதே கணக்குதான். ஒரு பங்கின் விலையை வைத்து நிறுவனம் பெரியதா சின்னதா என்று சொல்ல முடியாது. விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அதுதான் சந்தை மதிப்பு. 20 சென் விலையில் 300 மில்லியன் பங்குகள் இருந்தால் நிறுவனத்தின் மதிப்பு 60 மில்லியன் வெள்ளி. 5 வெள்ளி விலையில் 10 மில்லியன் பங்குகளே இருந்தால் 50 மில்லியன்தான். விலை கூடிய இந்த நிறுவனமே சின்னது.

மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவின் பிரதான சந்தையில் உள்ள 30 பெரிய நிறுவனங்கள் கேஎல்சிஐ குறியீட்டில் இருக்கின்றன. அடுத்த 70 நிறுவனங்களை நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவை பெரும்பாலும் சிறியவை.

சிறிய நிறுவனம் ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கலாம். அவர் போனால் பாதி வருமானம் போய்விடும். இது பலருக்கும் தெரிந்ததுதான். வாங்குவதற்கு முன் யாரும் யோசிக்காத ஆபத்து வேறு: விற்க நினைக்கும் நாளில் வாங்க ஆள் இருக்க மாட்டார். 60 மில்லியன் நிறுவனத்தில் 70 விழுக்காட்டை இயக்குநர் குடும்பமே வைத்திருந்தால், தினமும் கைமாறும் பங்குகள் சொற்பம்.

உங்கள் பணத்துக்கு 50,000 பங்குகள் வரும். அவசரத்துக்கு விற்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். வாங்குவோர் வரிசையில் 19.5 சென்னுக்கு 12,000, 19 சென்னுக்கு 8,000, 18.5 சென்னுக்கு 15,000, 18 சென்னுக்கு 15,000 பங்குகள் நிற்கின்றன. ஒரே மூச்சில் விற்றால் கைக்கு வருவது 9,335 வெள்ளி. நிறுவனத்தைப் பற்றி ஒரு கெட்ட செய்தியும் இல்லை. ஆனாலும் 665 வெள்ளி போய்விட்டது. தரகுக் கட்டணம் தனி. 19.5 சென்னுக்குக் கீழே விற்க மாட்டேன் என்று விலையைக் கட்டிப்போட்டால் 12,000 பங்குகள்தான் போகும். மீதி 38,000 காத்திருக்கும். கெட்ட செய்தி வரும் நாளில் அந்த வரிசையே காலியாகிவிடும்.

பெரிய நிறுவனமும் விழும். 2020இல் கோவிட் நேரத்தில் கையுறை நிறுவனங்களின் விலை எவ்வளவு ஏறியது, பிறகு எப்படிச் சரிந்தது என்று பால்மரம் சீவிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சரிவிலும் பெரிய கையுறைப் பங்குகளை வாங்க தினமும் ஆள் இருந்தார்கள். நஷ்டத்திலாவது வெளியே வர முடிந்தது.

வாங்கும் முன் தரகரின் செயலியில் சந்தை மதிப்பைக் காட்டும் Market Cap என்ற இடத்தையும், அன்று கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையைக் காட்டும் Volume என்ற இடத்தையும் பாருங்கள். இருபது நாள் Volume எண்ணைக் குறித்து வையுங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் அளவு சராசரி நாள் வியாபாரத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தப் பங்குக்கு உங்கள் அளவு பெரிது; குறையுங்கள். இது நான் பின்பற்றும் கணக்கு. ஓராண்டுக்குள் தேவைப்படும் பணத்தை அதில் ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள்.