இரண்டு பேர் இருக்கும் அறையில் ஒரு இயர்போன்

கேள்வி: எனக்கு வயது 46. பக்கவாதத்தில் விழுந்த மாமியாரை மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கோயில், கல்யாணம் எதற்கும் போக முடிவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் போனில் ஜப்பான், கொரியா, இத்தாலி என்று சமையல், பயணத் தொடர்களாகப் பார்க்கிறேன். அத்தை பக்கத்துக் கட்டிலில் முழித்துத்தான் இருப்பார். தொந்தரவு வேண்டாமென்று இயர்போன் போட்டுக்கொள்வேன். பார்த்து முடித்தால் மனசு இன்னும் வெறுமையாகிறது. கணவர், "என்ன பைத்தியம் இது" என்கிறார். நான் செய்வது தப்பா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: தப்பா, சரியா என்பதை ஒரு பக்கம் வையுங்கள். "முழித்துத்தான் இருப்பார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர் அந்த அறையில் நீங்கள் ஒருவர்தானா? நீங்களாவது பால் வாங்கத் தெருமுனை வரை போகிறீர்கள். மூன்று வருடமாக அவருக்குத் தெரிவதெல்லாம் மின்விசிறியும் நாட்காட்டியும்தான். இரண்டடி தள்ளிப் படுத்துக்கொண்டு, உங்கள் முகத்தில் வெளிச்சம் மாறி மாறி விழுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது என்ன என்று ஒரு நாளாவது அவருக்குச் சொன்னீர்களா?

கோபப்படாதீர்கள். என் அம்மாவின் கடைசி இரண்டு வருடங்களில் நானும் இதையேதான் செய்தேன். ஒரு நாள் இயர்போன் வேலை செய்யவில்லை. திரையில் ஏதோ ஒரு மலைநாட்டுச் சந்தை. அம்மா தலையைத் திருப்பி, "அங்க நெல்லு வெளையுமா?" என்று கேட்டார். அவர் எதையும் கேட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

இரவு பத்து மணியை விட்டுவிடுங்கள். சாப்பிட்டதும் அத்தையை அரை மணி நேரம் நிமிர்த்தியே உட்கார வைக்கச் சொல்லியிருப்பார்கள். பக்கவாதம் வந்தவரைச் சாப்பிட்டவுடன் படுக்க வைத்தால் உணவு மேலேறி மூச்சுக்குழலில் இறங்கிவிடலாம் என்பதற்காகச் சொல்வது அது. அந்த அரை மணி நேரத்தில் நீங்கள் இருவரும் என்ன செய்கிறீர்கள்? அவர் சுவரைப் பார்ப்பார், நீங்கள் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். உங்கள் தொடரை அங்கே கொண்டுவாருங்கள். போனை டிவியில் இணைக்க முடிந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு சொம்பில் சாய்த்து அவர் கண்மட்டத்தில் வையுங்கள். பக்கவாதத்தில் சிலருக்கு ஒரு பக்கம் இருப்பதே கண்ணுக்குப் படாது. அதனால் எந்தப் பக்கம் வைத்தால் அவர் பார்வை நிற்கிறது என்று பாருங்கள்.

முதலில் ‘செஃப்ஸ் டேபிள்’ தொடரில் 2017இல் வந்த மூன்றாம் சீசனின் முதல் பகுதியைப் போடுங்கள். தென்கொரியாவில் பேக்யாங்சா கோயிலைச் சேர்ந்த ஜியோங் குவான் என்ற பௌத்தத் துறவியைப் பற்றியது. அவருக்கு உணவகம் கிடையாது, கோயில் தோட்டத்தில் விளைவதைச் சமைக்கிறார். பூண்டு, வெங்காயம் சேர்ப்பதில்லை. இதைச் சொன்னாலே அத்தைக்கு நம் வீட்டு விரத நாள் சமையல் ஞாபகம் வரும்.

அவர் பேசுவது கொரிய மொழி. கீழே ஓடும் ஆங்கில எழுத்தை அத்தை வாசிக்கப்போவதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி நீங்கள்தான் தமிழில் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் ஒரு மணி நேரப் பகுதி நான்கைந்து நாள் ஓடும், ஓடட்டும். உங்கள் வெறுமைக்குக் காரணம் நீங்கள் பார்க்கும் வேகம். ஒரே இரவில் மூன்று நாடு. அடுத்த பகுதி தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. நாக்குக்கும் மூக்குக்கும் ஒன்றும் கிடைக்காமல் கண் மட்டும் ஊர் ஊராகப் போய்த் திரும்புகிறது.

அந்தப் பகுதியில் துறவியின் அப்பாவின் கதை வருகிறது. கறி மீன் இல்லாத இடத்தில் மகள் எப்படி வாழ்கிறாள் என்று வருத்தப்பட்டவர் அவர். மகள் அவருக்குக் காளான் சமைத்துத் தருகிறார். சாப்பிட்டுவிட்டு அவர் மகளை மூன்று முறை வணங்கிவிட்டு ஊர் திரும்புகிறார். ஒரு வாரத்தில் இறந்துபோகிறார். இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். படுக்கையில் இருப்பவரிடம் சாவைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைப்போம், ஆனால் அவர்கள் தினமும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் அந்தக் காளானை உங்கள் அடுப்பில் செய்யுங்கள். துறவி சமைப்பது ஷிடாகே. நமக்குச் சந்தையில் கிடைக்கும் மொட்டுக் காளான் 200 கிராம் போதும். நான்காக வெட்டி, எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் போடுங்கள். அது விடும் நீர் முழுக்க வற்ற வேண்டும். அவசரப்பட்டால் காளான் சவசவவென்று ஆகிவிடும். அப்புறம் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி வெல்லப்பாகு, அரை டம்ளர் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் பத்து நிமிடம். கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது, அதனால் மணம் தூக்கலாக இருக்கும். நம்முடையது பச்சை எள்ளை ஆட்டியது. அந்த மணம் வேண்டுமென்றால் ஒரு கரண்டி எள்ளை வறுத்து நுணுக்கி மேலே தூவுங்கள்.

அத்தைக்குக் கொடுப்பதில் கவனம் வேண்டும். அந்த ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் 2,000 மில்லிகிராம் வரம்பில் இதுவே பாதிக்குக் கிட்ட வந்துவிடுகிறது. இரத்தக் கொதிப்பு உள்ளவருக்குத் தொட்டு நக்குகிற அளவுதான், அன்று குழம்பில் உப்பையும் குறையுங்கள். விழுங்கும்போது இருமல் வந்தாலோ, விழுங்கியபின் குரல் நீர் கோத்ததுபோல் கரகரத்தாலோ, புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள். அப்போதும் சட்டியை அவர் மூக்கருகே கொண்டுபோகலாம். வாசனை பிடிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அது முடிந்ததும் ‘சால்ட் ஃபேட் ஆசிட் ஹீட்’ (2018). மொத்தமே நான்கு பகுதிகள்தான். உப்பைப் பற்றிய பகுதியில் ஜப்பானின் ஷோடோஷிமா தீவில் ஒரு சோயா சாஸ் பட்டறை வருகிறது. ஆளுயரத்தைத் தாண்டிய தேவதாரு மரப் பீப்பாய்களில் சோயாவும் கோதுமையும் உப்புநீரும் வருடக்கணக்கில் புளிக்கின்றன. மரத்தில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் நுண்ணுயிர்தான் ருசியைக் கொடுக்கிறது. ஊறுகாய் ஜாடியை இன்னொருவர் தொட விடாமல் வாழ்ந்த தலைமுறைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே நிறுத்தி, அத்தை எந்த ஜாடியில், எந்த மாதம், எத்தனை நாள் வெயில் வைத்து ஊறுகாய் போட்டார் என்று கேளுங்கள். பேச்சு குழறினாலும் காத்திருந்து கேட்டு, எழுதி வையுங்கள். அந்தக் கைப்பக்குவத்தை வேறு எந்தத் தொடரிலும் பார்க்க முடியாது.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. பெற்ற தாய்க்குச் செய்வது மகனின் கடமை. மருமகள் அதில் பங்கெடுப்பது அவளுடைய பெருந்தன்மை. நான் இப்படித்தான் நம்புகிறேன், எந்த வீட்டிலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன். மூன்று வருடம் மனைவியிடம் விட்டுவிட்டு, அவள் தேடிக்கொண்ட ஒரு மணி நேரத்தைப் பைத்தியம் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டை அவர் ஊட்டட்டும். அந்த அரை மணி நேரம் அவரே பக்கத்தில் உட்கார்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்தி அம்மாவுக்குக் கதை சொல்லட்டும். அந்த வேளையில் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. பவானி கூடுதுறைக்குப் பேருந்தில் அரை மணி, முக்கால் மணி நேரம்தான். போய் ஆற்றில் கால் நனைத்துவிட்டு வாருங்கள், திரும்பி வந்து அங்கே பார்த்ததை அத்தைக்குச் சொல்லுங்கள்.