வேளாங்கண்ணி பாதயாத்திரை: ஆகஸ்ட் 30 கிளம்பினால் போதுமா?

"செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்கு சென்னையில் இருந்து முதல் தடவை நடந்து போகிறோம். ஆகஸ்ட் 30 கிளம்பினால் சரியாக இருக்குமா?"

போதாது. இதே கணக்கைப் போட்டுத்தான் நான் முதல் வருடம் தேரைத் தவறவிட்டேன்.

நீங்களும் என்னைப் போலவே பெசன்ட் நகர் கோயிலில் 29-ம் தேதி சாயங்காலம் கொடியேற்றம் பார்த்துவிட்டு மறுநாள் விடியலில் கிளம்பலாம் என்று நினைத்திருப்பீர்கள். 30-ல் இருந்து 7 வரை ஒன்பது நாள், ஒன்பது நவநாள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போனால் வேளாங்கண்ணி 300 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஒரு நாளைக்கு 35 கிலோமீட்டர் நடந்தால் 7-ம் தேதி சாயங்காலம் போய்ச் சேரலாம். காகிதத்தில் சரியாகத்தான் வரும்.

மூன்றாம் நாள் எனக்குக் காலில் கொப்புளம் வந்தது. பெருவிரலுக்குக் கீழே, புதுச் செருப்பு உராய்ந்த இடம். மரக்காணத்தில் அதை ஊசியால் குத்தி உடைத்துவிட்டு மேலே நடந்தேன். அது பெரிய தப்பு. புதுச்சேரி போவதற்குள் சீழ் கட்டி, கால் வீங்கி, ஊசி போட்டுக்கொண்டு ஒரு பகலும் இரவும் அங்கேயே படுத்துவிட்டேன். அப்புறம் கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று நொண்டிக்கொண்டே அந்த ஒரு நாளைப் பிடிக்கப் பார்த்தேன். 7-ம் தேதி இரவு எட்டு மணிக்கு நாகூரில் நிற்கிறேன், அம்மா போன் செய்கிறார்கள். ரயிலில் முன்பே வந்து எனக்காகக் காத்திருந்தார்கள். "தேர் கிளம்பிடுச்சுப்பா, எங்க இருக்க?" என்றார்கள். போனிலேயே "மரியே வாழ்க" சத்தம் கேட்டது. சாலையோரம் உட்கார்ந்து அழுதேன். கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது இரவு இரண்டு மணி. அம்மா மணலில் துண்டு விரித்துத் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

புதிதாக வருகிற பலருக்கு இது தெரிவதில்லை. திருவிழா 8-ம் தேதி என்றாலும் பெரிய தேர் 7-ம் தேதி இரவே வந்துவிடும். திருச்சபை வழக்கத்தில் பெருவிழா முந்தைய நாள் மாலை வேண்டுதலோடு தொடங்குகிறது. 8-ம் தேதி காலையில் திருவிழாப் பூசை, சாயங்காலம் கொடியிறக்கம். 8-ம் தேதி காலை வந்து "தேர் எப்போது?" என்று கேட்கிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது.

அதனால் 6-ம் தேதி சாயங்காலம் ஊருக்குள் இருப்பதுபோலப் பின்னால் இருந்து எண்ணுங்கள். நடக்கப் பத்து நாள், காலுக்கோ மழைக்கோ ஒரு நாள். ஆகஸ்ட் 27 காலை கிளம்ப வேண்டும். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர்தான் வரும், விடியற்காலை நாலு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் பாதிக்கு மேல் முடித்துவிடலாம். பெசன்ட் நகர் கொடியேற்றத்தை விட்டுவிட மனம் வராதுதான். இரண்டும் வேண்டுமென்றால் உடம்பு தாங்காது. செருப்பை ஒரு மாதம் முன்பே போட்டுப் பழக்குங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

திரும்பும் டிக்கெட்டை 9-ம் தேதிக்கு எடுங்கள். கொடியிறக்கம் முடிந்த இரவு பேருந்தில் ஏறவே முடியாது. ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது, ஆக ஜூலை 11 காலையே உட்கார்ந்துவிட வேண்டும்.

காவி கட்டி, மாலை போட்டு நடப்பது கிறிஸ்தவ வழக்கமா என்று கீழே யாராவது கேட்பார்கள். என் தாத்தா அப்படித்தான் நடந்தார், நானும் நடக்கிறேன். விரும்பாதவர்கள் சாதாரண உடையில் வரட்டும், நான் யாரையும் குறை சொல்லவில்லை.

லீவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தேதி நிலையானது, கிழமைதான் மாறும். 2024-ல் 8-ம் தேதி ஞாயிறு, 2025-ல் திங்கள், 2026-ல் செவ்வாய். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஜனவரியிலேயே எழுதிக் கொடுப்பேன். ஆகஸ்ட் வந்ததும் மேலாளர், "உங்களுக்கு கிறிஸ்துமஸ்தானே பண்டிகை, இது என்ன புதுசா?" என்பார். மாதா பிறந்தநாள் என்று ஐந்து வருடம் விளக்கினேன். ஒரு வருடம் கடைசி நேரத்தில் ரத்து செய்து, அம்மாவைத் தனியாகப் பேருந்தில் அனுப்ப வைத்தார். அதற்கு அடுத்த வருடம் அம்மாவால் பயணம் செய்ய முடியவில்லை. அந்த ஒரு லீவை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் இன்றைக்கே எழுத்தில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.