வெள்ளநீர் பட்ட டின்மீனும் பால்மாவும்: எதை வைத்திருக்கலாம், எதை எறியவேண்டும்?

வெல்லம்பிட்டியிலிருந்து: கீழ்த்தட்டிலிருந்த பன்னிரண்டு டின்மீன்களும் சேற்றுநீரில் கிடந்தன. இரண்டு வளையத்தை இழுத்துத் திறப்பவை. ஒன்றின் விளிம்பு ஆழமாக நசுங்கியுள்ளது. கழுவினால் போதுமா?

பதில்: அந்த மூன்றையும் எறிந்துவிடுங்கள். இழுத்துத் திறக்கும் மூடியும் நசுங்கிய விளிம்பும் நீரை உள்ளே விடமாட்டா என்று நம்ப முடியாது. மீதி ஒன்பதில் உப்பியது, கசிவது, துடைத்தும் போகாத துருவுள்ளது எதுவும் இல்லாவிட்டால் அவற்றைக் காப்பாற்றலாம். முதலில் காகித லேபிளை உரித்துவிடுங்கள்; அதன் அடியில்தான் சேறு ஒளிந்திருக்கும். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, குடிக்கக்கூடிய நீரில் அலசியபின், மணமூட்டப்படாத பிளீச் ஒரு மேசைக்கரண்டியை ஏறக்குறைய 4 லீட்டர் நீரில் கலந்து, டின்கள் முற்றாக மூழ்கும்படி 15 நிமிடம் வையுங்கள். சேறு ஒட்டியிருந்தால் பிளீச் அதிலேயே வீணாகிவிடும் என்பதால் தேய்ப்பதை அவசரப்படுத்த வேண்டாம். பிளீச் இல்லையெனில் நீரில் மூழ்கவைத்து, கொதி வந்தபின் 2 நிமிடம் விடுங்கள். குறைந்தது ஒரு மணிநேரம் காற்றில் உலரவிட்டு, பெயரையும் காலாவதித் திகதியையும் அழியாத பேனாவால் டின்னிலேயே எழுதி, விரைவில் சமைத்துவிடுங்கள்.

கொலன்னாவையிலிருந்து: நனைந்த அரிசியை வெயிலில் காயவைத்து நன்றாக அவித்தால் கிருமி செத்துவிடும்தானே? பருப்புப் பக்கெட் உடைக்கப்படவே இல்லை.

பதில்: அவித்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும் என்பது சரிதான். ஆனால் வெள்ளத்தோடு வந்த மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும், காயும்வரை பிடித்த பூஞ்சணத்தின் நஞ்சும் கொதியில் போகா. பொலித்தீன் பக்கெட்டின் ஒட்டில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கலாம், அதையும் எறியுங்கள்.

அதே வீதியிலிருந்து இன்னொருவர்: ஊறுகாய்ப் போத்தலும் குழந்தையின் பால்மா டின்னும் இறுக்கமாக மூடியே இருந்தன. ஊறுகாயில் உப்பும் புளியும் இருக்கிறதே?

பதில்: உப்பும் புளியும் ஊறுகாயைப் பழுதாகாமல் காக்குமேயன்றி, மூடியின் புரிக்குள் தங்கிய அழுக்குநீரைச் சுத்தமாக்கா. திறக்கும்போது அந்த நீர்தான் உள்ளே வழியும், அந்த இடுக்கைப் பிளீச்சும் சரியாக எட்டாது. பால்மா டின்னின் பிளாஸ்டிக் மூடியின் கீழும் இதே நிலைதான். குழந்தைக்குரியது என்பதால் அதில் இரண்டாவது யோசனையே வேண்டாம். போத்தல் முலைக்காம்பையும் எறியுங்கள்.

தெஹிவளையிலிருந்து: எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஒரு பகல் முழுக்க மின்சாரம் மட்டும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி மீன்கறியை எறியவேண்டுமா?

பதில்: இது வேறு விடயம், ஆனாலும் எறியத்தான் வேண்டும். கதவைத் திறக்காமல் வைத்தாலும் சுமார் 4 மணிநேரமே குளிர் தாங்கும்.

களனியிலிருந்து: எவர்சில்வர் பானை, மரப்பலகை, சிரட்டை அகப்பை, அம்மி?

பதில்: பானையைக் கழுவி, டின்னுக்குச் சொன்ன அதே பிளீச் நீரில் ஊறவையுங்கள். பலகையும் அகப்பையும் நீரை உறிஞ்சியிருக்கும், அவை வேண்டாம். அம்மி விடயத்தில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. கொத்திய பள்ளங்களில் அழுக்குத் தங்கும் என்று சிலர் எறியச் சொல்வார்கள். நானானால் தூரிகையால் தேய்த்து, பிளீச் நீரில் ஊறவைத்து, நல்ல வெயிலில் காயவிட்டு, அதன்பின்னும் பச்சையாக உண்ணும் சம்பலை மட்டும் அதில் அரைக்கமாட்டேன்.