ஏற்ற இறக்க விகிதம் புதிய வாங்கலைத் தடுக்குமா?

கேள்வி: நிஃப்டி ஏறுகிறது, ஆனால் என் பங்குகள் இறங்குகின்றன. புதிதாக வாங்கலாமா?

நிஃப்டியில் சில பெரிய நிறுவனங்களின் எடை மிக அதிகம். அவை ஏறினாலே குறியீடு பச்சையாகிவிடும். அதனால் நிஃப்டி 500 பங்குகளை எண்ணிப் பாருங்கள். 180 ஏறி, 310 இறங்கி, 10 அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். அசையாதவற்றை விட்டுவிட்டால் ஏற்ற இறக்க விகிதம் 180/490, ஏறக்குறைய 37%.

ஒரு நாள் கணக்கு ஏமாற்றும். 10 நாள் சராசரியை எடுங்கள். அது 45%க்குக் கீழே போனால் புதிய வாங்கலை நிறுத்துவேன். 55%ஐத் தாண்டினால்தான் மீண்டும் தொடங்குவேன். ஒரே எல்லை வைத்தால் கதவு தினமும் திறந்து மூடும். கையிலுள்ள பங்குகளை இதற்காக விற்பதில்லை. அவற்றுக்கு ஸ்டாப் லாஸ் இருக்கிறது.

குறை ஒன்று: கடும் சரிவிலிருந்து சந்தை சட்டென மீளும்போது இந்தச் சராசரி தாமதமாகவே திரும்பும், முதல் சில நாள் ஏற்றம் கைநழுவும்.